வியாழன் மூன்றாம் பீரியட்

முசிறியிலிருந்து திருச்சிக் கல்லூரிக்கு பஸ்ஸில் வந்துபோகும் அனுசுயா, இந்த வருஷம்தான் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தவள். துறைத் தலைவர் சிவசங்கர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், மூன்று வகுப்புகளின் டைம்டேபிள் பொடி எழுத்தில் நெருக்கியடித்துக் கிடந்தது.

தனக்கு எந்தெந்த வகுப்பு என்று போனில் கேட்டதற்கு, "அதுலயே எல்லாம் இருக்குங்க" என்றார் அவர்.

இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸிலேயே படத்தைப் பெரிதாக்கி, தன் பெயர் உள்ள கட்டங்களை மட்டும் திங்கள், செவ்வாய் என்று நாள்வாரியாக நோட்டில் எழுதினாள். வியாழன் மூன்றாம் பீரியடில் இரண்டு வகுப்புகள் வந்து விழுந்தன. மறுபடி சரிபார்த்தாள், இரண்டுதான்.

மறுநாள் நோட்டை அவர் மேஜையில் விரித்தாள்.

"போன வருஷமும் இதே டேபிள்தாங்க, பேரை மட்டும்தான் மாத்தினோம். யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப போன வருஷம் பூரா, வியாழக்கிழமை ஒரு கிளாஸ் சும்மாவே உக்காந்திருந்திருக்கு சார்."