திரையின் நடுவே பெரிய எண்கள்

பட்டறையில் தெறித்த இரும்புத் துகளால் என் தம்பிக்கு வலது கண் போனது. இன்னொரு கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு மதியங்களில் இணையத்தில் சேர்ந்து ஆடும் சாகச விளையாட்டில் மற்றவர்களின் காயத்தை ஆற்றும் 'ஹீலர்' வேலை அவனுடையது. ஒரு மந்திரத்தைப் போட்டால், மறுபடி போட சற்று நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு திரையின் அடியில் குட்டிப் படங்களாகத்தான் தெரியும். ஒரு ஞாயிறு அது தெரியாமல் தடுமாறினான். எங்கள் கூட்டமே செத்து விழுந்தது.

"உங்க தம்பியை மாத்திடலாமா?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்.

அம்பத்தூரில் மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. பகலெல்லாம் பிறர் பிழைகளைத் தேடிவிட்டு, அண்ணனூரில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்து, லுவா என்ற நிரல்மொழியில், விளையாட்டோடு ஒட்டி ஓடும் ஒரு சிறு துணைநிரலை எழுத உட்கார்ந்தேன். மந்திரம் எப்போது தொடங்கியது, காத்திருப்பு எவ்வளவு என்று விளையாட்டைக் கேட்க வேண்டும். இரண்டையும் கூட்டி, இப்போதைய நேரத்தைக் கழித்தால் மீதி கிடைக்கும். அதைத் திரையின் நடுவே பெரிய எண்ணாகக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் நடுவே பக்கத்து அறையிலிருந்து அவன் கூப்பிட்டான்.

"இன்னாக்கா இது? ஒண்ணப் போட்டா எல்லாத்துலயும் நம்பர் ஓடுது. எது ரெடியா கீதுன்னே தெரில."

எந்த மந்திரம் போட்டாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றரை நொடி இடைவெளி உண்டு. விளையாட்டு அதையும் காத்திருப்பு என்றே சொல்கிறது. மொத்த நேரம் ஒன்றரை நொடியைத் தாண்டினால் மட்டும் காட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்கு என் சாயங்காலம் முழுதும் போனது.

அதன்பின் அவன் தடுமாறவில்லை. மாற்றலாமா என்று கேட்டவரே, "ஹீலர் பிரமாதம்" என்று எழுதினார். தம்பி அதைப் படித்துவிட்டு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு விளையாட்டுக்குப் புது அப்டேட் வந்தது. எண்கள் மறைந்து சிவப்பில் பிழைச் செய்தி வந்தது: நான் கூப்பிட்ட கட்டளை இப்போது இல்லையாம். முந்தின நாள் அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை நின்றபடியே கூட்டம். முதுகு இன்னும் வலித்தது.

"வுடுக்கா, படு. இன்னிக்கு நான் ஆடல."

"நீ ஆடலன்னா ஆடாத. நான் பாத்துட்டுப் படுக்கறேன்."

பழைய கட்டளை போய், வேறு பெயரில் ஒன்று வந்திருந்தது. முன்பு தனித்தனி எண்களாகத் தந்ததை இப்போது ஒரே அட்டவணையாகக் கட்டித் தந்தது. உள்ளே இருப்பதைப் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். மாற்றி எழுதினேன். எண்கள் மறுபடி ஓடின.

தம்பி பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அடுத்த அப்டேட்ல மறுபடியும் போயிடும்ல?"

"போகும்."

"அப்போ இன்னா பண்ணுவே?"

எனக்கு அப்போது கொட்டாவிதான் வந்தது. அவன் சிரித்தான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மற்றவர்களை அழைத்தான்.