கலந்தர் பாயின் வெள்ளிக்கிழமைப் படங்கள்

பாய்போல் சுருட்டியிருந்த ஃபைபர் மேட்டைத் தரையில் விரித்து ஒரு முனையை நுஸைபா மிதித்துக்கொண்டாள். மறுமுனையை இழுத்துப் பிடித்து அவளுடைய வாப்பா கலந்தர் கத்தரிக்கோலை ஓட்டினார். ஒரு படகின் பின்பலகைக்கு மூன்று துண்டுகள் வேண்டும், ஒன்றைவிட ஒன்று நாலு விரல் அகலமாக. கண்ணாடி நார் முழங்கைவரை ஒட்டி அரித்தது.

"இழுத்துப் புடி. சுருக்கம் வுழுந்தா உள்ள காத்து நிக்கும்."

"தெரியும் வாப்பா."

"தெரிஞ்சவ காலால மிதிக்க மாட்டா."

அது ஒரு சனிக்கிழமை. அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அடுத்த வியாழக்கிழமை காலை, பழவேற்காட்டுப் படகுத்துறை ஓரத்தில் இருந்த தன் கொட்டகையில், கிரைண்டரைக் கையில் எடுத்த கலந்தர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது அவர் தொழில். குடும்பம் பழைய வணிகக் குடும்பம். யாராவது அந்தப் பெருமையை எடுத்தால், "அவுங்க கப்பல் வச்சிருந்தாங்க, நான் கப்பலுக்குப் பஞ்சர் போடுறேன்" என்று முடித்துவிடுவார். ஏரியிலும் கடலிலும் அடிபட்ட படகுகள் சுற்றுப்பட்ட குப்பங்களிலிருந்து அவரிடம்தான் வரும். உடைந்த இடத்தைச் சுற்றிக் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து, அதன்மேல் மேட்டும் ரெசின் பசையும் மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும். தேய்க்கும்போது பறக்கிற தூள் மாவைவிட மெல்லிசு. முகமூடி கட்டினாலும் கொஞ்சம் உள்ளே போகும். இருமல் பிடித்துக்கொண்டது. பொன்னேரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிரைண்டரைக் கீழ வையுங்க பாய்" என்றார்.

கீழே வைத்தால் சோறு? நுஸைபா மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். ஆரம்பாக்கம் தாண்டி ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை; அங்கேயே தங்கி, விடுமுறைக்கு ஊருக்கு வருவாள். படகு கட்டும் யார்டுகளில் பழுதுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேவைப்படும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே தூளை உறிஞ்ச மிஷின் உண்டு. மேற்பார்வையாளர் தேய்க்கவும் வேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும். ஆனால் அப்படி ஒரு இடத்துக்கு யார்டுக்காரர்கள் விளம்பரம் கொடுப்பதில்லை. ஏற்கெனவே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கிற ஆளைத்தான் கூப்பிடுவார்கள். வாப்பா அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

"நம்மள பத்தி நாமளே சொல்றதுக்கு இன்னா பேரு தெரியுமா? பீத்தல்" என்றார் கலந்தர்.

"உங்கள பத்தி யாரு கேட்டா? படகுக்கு இன்னா ஆச்சுனு சொல்லுங்க. எங்க ஒடைஞ்சுது, ஏன் ஒடைஞ்சுது, இன்னா பண்ணீங்க. ஒரு படம், மூணு வரி. வாரம் ஒண்ணு."

"லைக்கு போடுங்கனு கெஞ்சணுமா?"

"கெஞ்சினா நானே உங்கள பிளாக் பண்ணிடுவேன்."

அது அவருக்குப் பிடித்துப்போனது. அவரே சட்டமும் போட்டார்: படகுக்காரனைக் கேட்காமல் படம் இல்லை, விற்கப் போகிற படகின் படம் இல்லவே இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து போடுவது என்று முடிவானது. ஆனால் போட்டது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்.

"வாப்பா, அது ஒரு நாள்ல போயிடும்."

"அதான் நல்லது. சுவத்துல ஒட்டுன போஸ்டர் மாதிரி நிக்காது."

"உங்க நம்பர் வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் தெரியும். யார்டுக்காரன்கிட்ட உங்க நம்பர் இல்லையே. எல்லாரும் பாக்குற எடத்துல போடுங்க. நாளைக்குத் தேடுறவன் இன்னிக்குப் போட்டதையும் பாக்கணும்."

"பாக்கலாம்" என்றார். அந்த 'பாக்கலாம்' அவருடைய 'முடியாது' என்பது அவளுக்குத் தெரியும். வற்புறுத்தவில்லை, எழுதிப் பழகட்டும், பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

பழகினார். விரிசலின் அகலம் தெரிய அதன் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் படம் எடுப்பார். ஒரு வாரம் இப்படி எழுதினார்: "பின்பலகையில் மறுபடியும் வெடிப்பு. போன தடவை வெளியே மட்டும் ஒட்டினேன். தப்பு. உள்ளே மரம் ஊறியிருந்தது. இப்போது மரத்தை வெட்டி எடுத்தேன்." போட்டதும் மகளுக்கு போன் வரும். "போட்டாச்சு. அஸ்லம்தான் மொதல்ல பாத்துகீறான்."

அஸ்லம் கலந்தருடைய அக்கா மகன். ரெசின், மேட், பெயின்ட், கயிறு விற்கிற கடை வைத்திருந்தான். வாரத்தில் இரண்டு தடவையாவது கொட்டகைக்கு வந்து சந்தேகம் கேட்பான். "மாமு, ஒரு கஸ்டமர் கேக்குறாரு, ஈரம் காயாம மேட் போட்டா இன்னா ஆவும்?" கலந்தர் வேலையை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொல்வார்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்லம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரியசாமி என்று பெயர்; ஆரம்பாக்கம் பக்கத்து யார்டு ஒன்றின் மேலாளர். நுஸைபா அன்று வீட்டிலிருந்து வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

"இவரு நம்ம கைக்காரரு சார்" என்றான் அஸ்லம், கலந்தரைக் காட்டி. "நான் சொல்றத அப்படியே செய்வாரு."

பெரியசாமி கையில் போன். "அந்தப் பின்பலகை கேஸ்ல, நான் பண்ணது தப்புனு நீங்களே எழுதியிருந்தீங்க பாருங்க தம்பி. அதப் படிச்சுட்டுதான் உங்க பக்கத்தத் தொடர ஆரம்பிச்சேன். வாரம் தவறாம பாத்துடுவேன். தப்ப ஒத்துக்கிற ஆளுதான் எனக்கு வேணும்."

அவர் இதை அஸ்லமைப் பார்த்துச் சொன்னார். அஸ்லம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

நுஸைபா வாயைத் திறந்தாள். "சாருக்கு டீ சொல்லும்மா" என்றார் கலந்தர். குரல் உயரவில்லை. அவள் போய் டீ சொன்னாள். திரும்பி வந்தபோது பெரியசாமி புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் இணையத்தில் அஸ்லமின் கடைப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். வாப்பா போட்ட அத்தனையும் அங்கே இருந்தன. ஸ்டேட்டஸைப் படமாகப் பிடித்து வைத்து மறுநாள் தன் கடைப் பெயரில் போட்டிருந்தான். கீழே யார் யாரோ கேட்ட கேள்விகள். ஈரம் காயாமல் மேட் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருந்தது, அதற்கு வாப்பாவின் பதிலும் இருந்தது. வாப்பாவின் கட்டைவிரலைக்கூட அவன் வெட்டி எடுக்கவில்லை.

"வாப்பா, இதப் பாருங்க."

"பாத்துகீறேன்."

"எப்போ?"

"ரெண்டு நோம்புக்கு முன்னாடி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது: இரண்டு வருடம்.

"தெரிஞ்சே வுட்டீங்களா?"

கலந்தர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மூடினார். "நான் வாய் தொறக்காமலே வேலை நாலு பேருக்குத் தெரியுதேனு இருந்தேன். எனக்கு அது சுளுவா இருந்துச்சு நுஸைபா. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அது யாரு கைனு."

"ஊர்க்காரங்களா உங்களுக்கு யார்டுல எடம் குடுக்கப் போறாங்க?"

அஸ்லம் திருடியது அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் வாரா வாரம் "போட்டாச்சு" என்று போன் செய்த குரல் இருக்கிறதே, அதை நினைத்தால் ஆத்திரம்கூட வரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழிற்சாலை கேன்டீனில் நின்றுகொண்டு, வாப்பா யார்டுக்கு ஒரு அடி நெருங்கிவிட்டார் என்று கணக்குப் போட்டவள் அவள். அவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதுவும் தெரிந்தே. அவள் அந்த மாதம் முழுக்க ஊருக்கு வரவில்லை. போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

ஆவணியில் அஸ்லம் கொட்டகைக்கு வந்தான். இதைக் கலந்தரே பிறகு மகளிடம் சொன்னார்.

"மாமு, யார்டுல ரிப்பேர் செக்‌ஷன எனக்குக் குடுத்துட்டாங்க. நீங்க வந்துடுங்க. தினக்கூலி நான் போட்டுத் தர்றேன்."

"நான் இன்னா பண்ணணும்?"

"கிரைண்டர் நீங்கதான் புடிக்கணும். வேற எவன் கையும் அதுக்கு வராது."

"அங்க தூள் இழுக்குற மிஷின் கீதாமே?"

"அது புதுப் படகு கட்டுற ஷெட்டுல மாமு. நாம வெளிய, மரத்தடியில."

கலந்தர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஸ்டேட்டஸ் போடவில்லை. அஸ்லம் இரண்டு தடவை போன் செய்து, உடம்பு சரியில்லையா மாமு என்று விசாரித்தான். படத்துக்குத்தான் கேட்கிறான் என்று தெரிந்தும் கலந்தர், "நல்லாகீறேன்பா" என்றார். பிறகு மகளை வரச்சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை வந்தாள். முதலில் மேட் வெட்டினார்கள். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தபோது கலந்தர் தானே ஆரம்பித்தார்.

"புதுசா ஒண்ணு தொற. எல்லாரும் பாக்குற மாதிரி. என் பேருல."

"பெரியசாமிக்கு நான் நேரா போன் பண்றேன் வாப்பா. ஒரிஜினல் படமெல்லாம் உங்க போன்ல தேதியோட கீது. ஒரு நிமிஷத்துல காட்டிடலாம்."

"வேணாம். அக்கா மகனத் திருடன்னு சொல்லி வாங்குற எடம் எனக்கு வேணாம். நான் இன்னா பண்ணேன்னு நான் சொல்றேன். அந்த ஆளு வாரா வாரம் பாக்குறவரு. கை எதுன்னு அவரே கண்டுபுடிக்கட்டும்."

"கண்டுபுடிக்க நாள் ஆவும்."

"ஆவட்டும். ரெண்டு வருஷத்த நான்தான வுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை. அவளும் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. பக்கத்தைத் திறந்தாள். கலந்தர், ஃபைபர் படகு பழுது, பழவேற்காடு. போன் நம்பர்.

"மொதல் படம் எது?"

ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பசியாவரத்து வேலுவின் படகு என்றார். முகத்துவாரக் கல்லில் மோதி அணியம், அதாவது முன்பக்கம், முழுக்கப் பிளந்து வந்த படகு. அதை அவர் புதிதாகவே கட்டிக் கொடுத்திருந்தார். செய்ததில் அதுதான் பெரிய வேலை, ஸ்டேட்டஸில்கூடப் போட்டதில்லை.

"பேர மறைச்சுட்டுப் போட்டுடலாமா?"

"அணியத்துலதான் அவன் பொண்ணு பேரு எழுதிகீது. ஜமுனானு. அத மறைச்சா வேலையும் மறைஞ்சுடும். கேட்டுட்டுதான் போடணும்."

"போன்ல கேளுங்க."

"படகு அவன் மூஞ்சிம்மா. ஒடைஞ்ச மூஞ்சியக் காட்டலாமானு போன்லயா கேப்பாங்க? வியாழக்கிழமை மத்தியானம் அந்தாண்ட போற படகுல ஏறிப் போய்க் கேட்டுட்டு வர்றேன். வெள்ளிக்கிழமை போட்டுடு."

வியாழக்கிழமை மத்தியானம் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்கால் ஒன்றை அஸ்லம் தோளில் தாங்கினான். உண்மையாகவே அழுதான். மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் தன் கடைப் பக்கத்தில் மாமுவின் படத்தைப் போட்டு, "எங்கள் நிறுவனத்தின் தலைசிறந்த தொழிலாளியை இழந்தோம்" என்று எழுதினான். பெரியசாமி கீழே இரங்கல் தெரிவித்திருந்தார், அஸ்லமுக்கு.

வேலு துக்கம் விசாரிக்க மையத்து வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், "பாய் கைய இனி எங்க தேடுறது" என்றார், போனார். அந்த நேரத்தில் நுஸைபாவுக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வாப்பாவின் பக்கம் திறந்தபடி இருக்கிறது. பெயரும் நம்பரும் மட்டும். பசியாவரத்துக்குப் போய் வேலுவிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.