பதினெட்டு வினாடிச் சாலை

இருபத்தாறு வருஷம் ஓடும் பேருந்தில் நின்றபடி சம்பாதித்தவர் அந்த அம்மாள். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் கணவர் அவரைக் கூப்பிடுவது 'கண்டக்டர்' என்றுதான். கணவர் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது காலைப் பாதி எடுத்துக்கொண்டது. பேச்சு தப்பித்தது. ஆனால் நடை, ஊன்றுகோலோடு அளந்து அளந்து வைக்கும் நடையாகிவிட்டது.

"இனி நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க வேண்டாம்" என்று மகன் தன் நகரத்துக்கே அழைத்து வந்தான். நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைத்திருந்தான். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வந்து மூன்று மாதத்தில் கணவர் வெளியே போனது நாலே தடவை. நாலும் மருத்துவமனைக்கு. பதினாலு கிலோமீட்டர் காரில். ஒவ்வொரு தடவையும் மகன் லீவு போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர்.

நாலாவது தடவை போய்வந்த மறுவாரம், காலையில் கட்டிலை விட்டு எழுந்த கணவர் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளாகவே இப்படித்தான் என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

மகன் ஆபீஸில், மருமகள் பயணத்தில். போன் பண்ணினால் மகன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அம்மாள் போனை எடுத்தார், வைத்தார். பால் வாங்கப் போகும் வழியில் பார்த்த ஒரு சின்ன கிளினிக் நினைவுக்கு வந்தது. பிரதான சாலைக்கு அந்தப்பக்கம், வீட்டிலிருந்து நானூறு மீட்டர்தான். மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பழைய சீட்டுகளோடு ஒரு பையில் அள்ளிப்போட்டு, ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்து, கணவரை ஏற்றினார்.

கிளினிக்கில் இருந்த நர்ஸ், கணவரை உட்கார வைத்து ஒரு தடவையும் நிற்க வைத்து ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கும்போது எண் சரசரவென்று இறங்கியது. டாக்டரம்மா பையை மேசையில் கவிழ்த்து, அட்டைகளின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

"இது ரெண்டும் தினமும் குடுக்குறீங்களா?"

"ஆமாம்மா. இது பழைய டாக்டர் எழுதினது. இது போன வாரம் புது டாக்டர் எழுதினது."

"பேருதான் வேற. உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான். ரெண்டு மடங்கு போயிருக்கு."

அம்மாள் இரண்டு அட்டைகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தினமும் எண்ணி எண்ணித் தன் கையால் கொடுத்தது. டாக்டரம்மா ஒன்றை நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயராகவே ஒரே தாளில் எழுதித் தந்தார். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க. பெரிய பரிசோதனைக்கு அங்க போங்க. மாசாமாசம் பார்க்க இங்க வாங்க. இங்கயே கால் பயிற்சி குடுக்க ஆள் இருக்காங்க, வாரம் ரெண்டு நாள். முடிஞ்சா நடந்தே வரட்டும். அதுவும் வைத்தியம்தான்."

மகன் அன்று மாலை கேட்டதும் முகம் வாடிப்போனான். "ஏம்மா எனக்குச் சொல்லல?"

"சொன்னா லீவு போடுவ. எத்தனை நாளைக்குப் போடுவ? நாங்க இங்க விருந்தாளியா வரலைடா. இருக்க வந்திருக்கோம்."

இரண்டு வாரத்தில் தலைசுற்றல் போனது. டாக்டரம்மா சரி என்றதும் ஒரு காலை கணவனும் மனைவியும் நடந்தே கிளம்பினார்கள். நடைபாதை ஒருமாதிரி சமாளிக்கும்படி இருந்தது. பிரதான சாலைக்கு வந்தார்கள். சிக்னலில் நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் எரிந்தான். கணவர் ஊன்றுகோலை வைத்தார், காலை இழுத்தார், மறுபடி வைத்தார். நடுவில் இருந்த சிமென்ட் திட்டை எட்டும்போது சிவப்பு விழுந்துவிட்டது. ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் அந்தத் திட்டில் இடம். இரண்டு பக்கமும் வண்டிகள் காற்றோடு உரசிக்கொண்டு போயின. கணவரின் கை அம்மாளின் முழங்கையை நசுக்கியது.

எப்படியோ கடந்தார்கள். திரும்பும்போது கணவர் சொன்னார்: "போதும் கண்டக்டர். இனி ஆட்டோவே."

"ஒரு மாசம் குடுங்க எனக்கு" என்றார் அம்மாள்.

மறுநாள் தனியாக வந்து சிக்னல் பக்கத்தில் நின்றார். நடப்பவர்களுக்குப் பச்சை பதினெட்டு வினாடி. பத்துத் தடவை பார்த்தார். பத்துத் தடவையும் பதினெட்டுதான். வீட்டு வராந்தாவில் கணவரை நடக்க வைத்து நேரம் எடுத்தார். சாலையின் அகலத்துக்கு அவருக்கு முப்பத்தைந்து வேண்டும்.

இப்படித் தினமும் நின்றதில் ஆட்கள் தெரிய வந்தார்கள். கிளினிக்கை ஒட்டிய வாசகசாலைக்கு வர ஆசைப்பட்டும் இந்தச் சாலைக்குப் பயந்து வராதவர்கள் எத்தனை பேர். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட முன்னாள் தையல்காரம்மா ஒருவர், "நான் ஒரு கிலோமீட்டர் சுத்தி மேம்பாலத்தடியில வரேன் அக்கா" என்றார். அடுக்குமாடி வாசலிலும் பூங்காவிலும் அம்மாள் பேசிப் பேசி நாற்பத்தொரு கையெழுத்து சேர்த்தார். டிக்கெட் வாங்காதவனைக் கண்ணாலேயே எழுப்பி வாங்க வைத்தவருக்குக் கையெழுத்து வாங்குவதா பெரிது.

போக்குவரத்துப் பிரிவு அலுவலகத்தில் முதல் இரண்டு தடவை மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை இன்ஜினீயர் இருக்கும் நேரம் விசாரித்துப் போனார்.

"எல்லாச் சிக்னலுக்கும் ஒரு கணக்கு இருக்கும்மா" என்றார் இன்ஜினீயர்.

"யாரு நடையை வச்சு சார் அந்தக் கணக்கு? கிளினிக் வாசல்ல இருக்கு அந்தச் சிக்னல். அங்க ஓடறவங்களா வருவாங்க? ஒரு தடவை வந்து பாருங்க. நாங்க நடக்கறோம், நீங்க நேரம் எடுங்க."

அவர் வந்தார். தையல்காரம்மா உள்பட ஏழு பேர், கணவர் எட்டாவது ஆளாக, வரிசையாகக் கடந்தார்கள். ஒருவர்கூடப் பதினெட்டுக்குள் கரையேறவில்லை. இன்ஜினீயர் டேப் பிடித்துச் சாலையை அளந்தார்: இருபத்தொரு மீட்டர்.

"முப்பத்தைந்து குடுத்தா பின்னாடி வண்டி தேங்கிடும். இருபத்தாறு தரலாம். நடுத்திட்டை அகலப்படுத்தி ரெண்டு பக்கமும் கம்பி போட்டுத் தரேன். அங்க நின்னு அடுத்த பச்சைல மீதியைக் கடக்கலாம்."

கேட்டதில் பாதிதான். அம்மாள் யோசித்தார். "திட்டுல சக்கர நாற்காலி நிக்கற அளவு இடம் விடுங்க. ஏறி இறங்கறதுக்குப் படி வேண்டாம், சரிவு வேணும்" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

நேரத்தை அந்த வாரமே மாற்றினார்கள். திட்டுக்கு இரண்டரை மாதம் ஆனது. அதுவரை கணவர் ஆட்டோவில் முணுமுணுத்தபடி போனார். திட்டு முடிந்த பிறகு செவ்வாயும் வெள்ளியும் நடந்தே பயிற்சிக்குப் போனார். கம்பியைப் பிடித்து நடுவில் நிற்பார், அடுத்த பச்சைக்கு மீதியைக் கடப்பார். திரும்பும் வழியில் வாசகசாலையில் ஒரு மணி நேரம். அங்கே செய்தித்தாளுக்குச் சண்டை போட அவருக்கு ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் கிடைத்தார்.

சண்டை முற்றியதாலோ என்னவோ, ஒரு புதன்கிழமை, பயிற்சி இல்லாத நாளில், கணவர் தாமாகவே செருப்பு மாட்டினார்.

"எங்க?"

"வாசகசாலை. நீ வர வேண்டாம்."

அம்மாள் ஜன்னலுக்குப் போகவில்லை. காய் நறுக்கினார், துணி மடித்தார், மடித்ததையே திரும்ப மடித்தார். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"வந்து சேர்ந்துட்டேன். பாதி வழியில உக்கார ஒரு பெஞ்சு இருந்தா நல்லா இருக்கும். அந்த இன்ஜினீயர் எத்தனை மணிக்கு இருப்பாருன்னு சொன்ன?"