இடது தோள் பக்கம்

வில்லியனூரில் எங்கள் பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது, ஹஜ்ஜின் கடமைகளைப் பிள்ளைகளுக்கு விளக்கும் சின்ன வீடியோ ஒன்று எடுத்துத் தரும்படி ஜமாத்தில் கேட்டார்கள். பாடம் எழுதும் வேலை எனக்கு. பேசும் வேலை என் கொழுந்தன் மனைவிக்கு. அவள் போன வருஷம் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள்.

நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில்தான் தனித்தனியாக விண்ணப்பம் போட்டோம். குலுக்கலில் அவர்களுக்கு விழுந்தது, எங்களுக்கு விழவில்லை. அது அல்லாஹ்வின் அழைப்பு என்று எல்லோருக்கும் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் ஊர் திரும்பிய நாளிலிருந்து, யாராவது அவளை “ஹாஜிமா” என்று கூப்பிட்டால் என் வயிறு எரியும்.

மனித உருவம் எதுவும் காட்டக்கூடாது, பாட்டு இசை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். பெரிய தட்டில் மணல் பரப்பி, நடுவில் கறுப்புக் காகிதம் ஒட்டிய பெட்டியைக் காபாவாக வைத்தோம். பிள்ளைகளையே அதைச் சுற்றி நடக்கவிட்டால் அழகாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். காபாவைச் சுற்றும் தவாஃபை அட்டைப் பெட்டிக்குச் செய்வதுபோல் ஆகிவிடும், வேண்டாம் என்று மறுத்தேன். ஹாஜிகளுக்குப் பதிலாக வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள். அவற்றை நகர்த்துவது என் கை, குரல் அவளுடையது.

ஆண்கள் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணி உடுத்துவதையும், பெண்கள் தங்கள் வழக்கமான உடையிலேயே முகம் மூடாமல் இஹ்ராம் என்ற ஹஜ் நிலையில் இருப்பதையும், மனதில் நிய்யத்து வைத்து, ‘வந்துவிட்டேன் இறைவா’ என்று தல்பியா சொல்வதையும் அவள் நிதானமாகச் சொன்னாள். மினாவில் தங்குவது. மறுநாள் அரஃபாத்தில் பொழுது சாயும்வரை நின்று இறைஞ்சித் துஆ கேட்பது, அது தவறினால் ஹஜ்ஜே இல்லை என்பது. இரவு முஸ்தலிஃபாவில் திறந்தவெளியில் தங்கிக் கல் பொறுக்குவது. காலையில் கல்லெறியும் மூன்று தூண்களில் பெரிய ஜம்ராவில் மட்டும் ஏழு கல் எறிந்து, ஆடு அறுத்துக் குர்பானி கொடுத்து, முடி இறக்குவது. பெண்கள் விரல்நுனி அளவு முடி கத்தரித்தால் போதும். பிறகு மக்காவுக்கு வந்து தவாஃபும், ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு தடவை நடக்கும் சஃயியும். ஹாஜரா அம்மையார் குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஓடிய இடத்தைப் பற்றிப் பேசும்போது அவள் தாளைப் பார்க்கவே இல்லை. மறுபடி மினாவுக்குப் போய் மூன்று ஜம்ராக்களிலும் கல்லெறிவதையும், ஊர் திரும்புமுன் விடைபெறும் தவாஃபையும் சொல்லி முடித்தாள்.

எல்லாம் நான் எழுதிய வாக்கியங்கள். ஆனால் அவள் வாயில் அவை வேறாகிவிட்டன. நான் “நிற்பார்கள்” என்று எழுதியிருந்த இடத்தில் அவள் தன்னையறியாமல் “நின்னோம்” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள்மீது பொறாமைப்பட்டேன்.

அன்றே மதரஸாவில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவள் மட்டும் தவாஃப் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“அக்கா, இன்னாவோ தப்பா இருக்கு. காபா வலது பக்கமா வருது.”

நான் சரியாகத்தான் நகர்த்தினேன் என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்தே. காபாவின் மூலையிலுள்ள ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லுக்கு நேரே தொடங்கி, காபா எப்போதும் இடப்பக்கம் இருக்கும்படி ஏழு சுற்று. வருஷா வருஷம் நான் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது.

“நீ சரியாத்தான் பண்ண. நானும் பாத்தேன். ஆனா இதுல பாக்கறப்ப எனக்கு வலது தோளு கூசுது.”

அப்புறம்தான் புரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே எடுப்பதற்காகப் போனை முன்பக்கக் கேமராவில் வைத்திருந்தோம். கண்ணாடியில் தெரிவதுபோல் படம் இடம் வலம் மாறிப் பதிவாகியிருந்தது. பொத்தான்கள் கடிகார முள்ளைப்போலச் சுற்றின. அப்படியே அனுப்பியிருந்தால் பிள்ளைகள் தவாஃபைத் தலைகீழாகப் படித்திருப்பார்கள்.

போனைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தோம். இத்தனை வருஷம் ஓதிக் கொடுத்த என் கண்ணுக்குத் தெரியாதது, ஒரே தடவை போய் வந்தவளின் தோளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் காட்டினோம். முடிந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, அங்கே வெயில் எப்படி, ஜம்ஜம் தண்ணீர் இனிக்குமா என்று கேட்டார்கள். நான் தட்டிலிருந்த மணலைக் கொட்டி, பொத்தான்களை டப்பாவில் போட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த தபா ஒனக்கு வரும்க்கா. அங்க ஒம் பேரச் சொல்லித்தான் துஆ கேட்டேன்.”

இன்ஷா அல்லாஹ் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அந்த இடத்தில் என் பெயரையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது என்ற நினைப்பு, வீடு போய்ச் சேரும்வரை என்னை விடவில்லை.