மூன்று வருடம் முடிந்தால் போதும் என்றேன்

நானாட்டானில் ஒரு அரச கந்தோரில் ஊழியர்களின் தனிப்பட்ட கோவைகளை, அதாவது ஃபைல்களை, பார்ப்பது என் வேலை. யார் எப்போது வேலைக்கு வந்தார், எத்தனை லீவு எடுத்தார், எந்தப் பரீட்சையில் சித்தியடைந்தார் என்பதெல்லாம் என் அலுமாரிக்குள் இருக்கும். காலையில் மன்னார்த் தீவில் பள்ளிமுனையிலிருந்து பஸ் பிடித்து, கடல் பாலத்தைத் தாண்டி வந்து, மெஷினில் கைரேகை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தால் முதல் ஆள் வந்து நிற்பார். கேள்வி எப்போதும் ஒன்றுதான். எனக்குக் கிடைக்கும்தானே மிஸ்?

இருபது வருடமாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது. சுற்றுநிருபத்தில், இன்னது இல்லாதவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று போட்டிருக்கும். வாசிக்கிறவர்கள் அதை, இன்னது இருந்தால் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லாமல் முடியாது என்பது வேறு, இருந்தால் போதும் என்பது வேறு. கைரேகை வைக்காவிட்டால் வேலைக்கு வந்த கணக்கில்லை. அதற்காக, கைரேகை வைத்தவர்கள் எல்லாரும் வேலை செய்தார்கள் என்று ஆகிவிடுமா? எங்கள் கந்தோரில் நிச்சயமாக ஆகாது.

வீட்டிலும் இதே கதைதான். தங்கையின் மகள் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தியடைந்த அன்று, இனிப் பல்கலைக்கழகம்தான் என்று தங்கை கேக் வெட்டினாள். மூன்றும் சித்தியில்லாவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது, ஆனால் சித்தியடைந்த எல்லாரையும் எடுக்கமாட்டார்கள், வெட்டுப்புள்ளிக்கு மேலே வரவேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. வெட்டுப்புள்ளி வந்து, பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போனபோது என் வாய் பலித்துவிட்டது என்று இன்னும் ஒரு மாதம் கதைக்கவில்லை. சரியாகச் சொன்னேன் என்பதில் எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான்தான் எங்கள் கந்தோரின் அலுவலக உதவியாளர் விடயத்தில் பிழை விட்டேன்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். மலையகத்திலிருந்து வந்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் குடியேறிய குடும்பம். தகப்பனும் தாயும் மற்றவர்களின் வயலில் கூலி வேலை செய்து படிப்பித்தார்கள். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு இருந்தும் அவளுக்குக் கிடைத்தது கோவை தூக்குகிற வேலை. எந்தக் கோவை எந்த மேசையில் தூங்குகிறது என்று எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். கிளார்க்மார் லீவில் நின்றால் கடிதங்களைப் பதிவதும் அவள்தான். கையெழுத்து என்னுடையதைவிட வடிவு.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் முடிந்த அன்று என் மேசைக்கு வந்து, தகுதிகாண் காலம் முடிந்துவிட்டது, இனி என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். நான் ஏதோ சம்பளப் பட்டியலில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூண்டு வருஷம் முடிஞ்சால் காணும். இனி நீங்கள் நிரந்தரம்தான், போங்கோ" என்றேன்.

கோவையின் மட்டையில் பென்சிலால் ஒரு சரி அடையாளமும் போட்டேன். அது எங்கள் கந்தோர்ப் பழக்கம். முடிவுத் திகதியை மட்டையில் எழுதிவைப்போம், திகதி வந்ததும் சரி போடுவோம். அந்தச் சரி எதைச் சொல்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

மூன்று வருடம் முடியாமல் ஒருவரை நிரந்தரமாக்க முடியாது. முடிந்தவுடன் தானாக நிரந்தரமாகிவிடுவதும் இல்லை. சேவைக்கு வந்தவர்கள் எழுதும் தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும், மருத்துவ அறிக்கை வேண்டும், வேலை திருப்தி என்று மேலதிகாரி எழுதவேண்டும். இவ்வளவையும் சேர்த்து நான் மேலே அனுப்பி, நியமனம் தந்தவர்கள் கடிதம் தந்தால்தான் நிரந்தரம். அவள் பரீட்சையில் முதலாம் வருடமே சித்தியடைந்துவிட்டாள். மருத்துவ அறிக்கைகூடக் கோவைக்குள் இருந்தது. அனுப்பவேண்டியவள் நான். அனுப்பவில்லை. வருடாந்தச் சம்பள ஏற்றம் பிசகாமல் வந்துகொண்டிருந்ததால் எல்லாம் சரி என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். சம்பள ஏற்றம் தகுதிகாண் காலத்திலும் வரும். அதை வைத்து ஆள் நிரந்தரம் என்று சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

அவள் வேலைக்கு வந்து ஏழு வருடமானபோது, சேவையில் இருப்பவர்கள் கிளார்க் ஆவதற்கான போட்டிப் பரீட்சைக்கு அறிவித்தல் வந்தது. இதற்கு முன் அதை எப்போது வைத்தார்கள் என்று கந்தோரில் ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. ஐந்து வருடச் சேவை, சாதாரண தரப் பெறுபேறு, பதவியில் நிரந்தரமாக்கப்பட்டிருத்தல். இந்த மூன்றும் இருந்தால் எழுதலாம். எழுதிச் சித்தியடைந்தாலும் வெற்றிடங்களின் எண்ணிக்கைக்குப் புள்ளி வரிசையில்தான் எடுப்பார்கள். இதை நான் அவளுக்கு நன்றாக விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்துவதில் நான் குறை வைப்பதேயில்லை.

அவள் முதல் பஸ்ஸில் வந்து, நாங்கள் வருவதற்கு முன் பதிவேட்டு அறையில் இருந்து படித்தாள். கடதாசி மட்டைகளின் பின்பக்கம் முழுக்கக் கணக்குச் செய்திருந்தாள். விண்ணப்பம் போன பிறகுதான் பரீட்சைப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. நிரந்தரமாக்கிய கடிதத்தின் பிரதி இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

அலுமாரியைத் திறந்து கோவையை இரண்டு தரம் புரட்டினேன். கடிதம் இல்லை. மட்டையில் என் பென்சில் சரி மட்டும் இருந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். தொலைபேசியில் கெஞ்சினேன். தாமதம் ஏன் என்று எழுதிக் கேட்டார்கள். 'நிர்வாகத் தாமதம்' என்று பதில் எழுதினேன். நிர்வாகம் என்று சொன்னால் அது யாருமில்லை, அந்தச் சொல்லின் வசதி அதுதான். முன்திகதியிட்டு நிரந்தரக் கடிதம் வந்தது. வரும்போது பரீட்சை முடிந்து பன்னிரண்டு நாள்.

அதை அவளிடம் கொடுக்கும்போது வெறுங்கையால் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் போல் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைத்தான் சொன்னேன். எழுதியிருந்தாலும் கிடைத்திருக்கும் என்று இல்லை, வெற்றிடம் கொஞ்சம், ஆட்கள் கனபேர், சித்தியடைந்த எத்தனையோ பேருக்கே இடம் கிடைக்கப்போவதில்லை என்றேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. சொல்லும்போதே நான் ஆறுதல்படுத்தியது என்னைத்தான் என்று விளங்கியது.

அவள் கடிதத்தை வாசித்து முடித்து இரண்டாக மடித்தாள்.

"ஓம் மிஸ், எழுதினாலும் கிடைக்கும் எண்டு இல்லைதான்" என்றாள். "ஆனா எழுதாட்டிக் கிடைக்காது. அதையும் நீங்கதானே சொல்லித் தந்தனீங்க."

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பிழை என்னுடையது, என்னை மன்னிக்கவேண்டும் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, மேசையில் வேலை முடிந்திருந்த கோவைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவளுடைய கோவையை மறுபடி திறந்து, நிர்வாகத் தாமதம் என்று நான் எழுதிய கடிதத்தின் பிரதியின் கீழே, அனுப்பத் தவறியது நான் என்று எழுதி ஒப்பமிட்டேன். இதனால் என் சம்பள ஏற்றம் நிற்கலாம், நிற்கட்டும். ஏழு வருடமாக என் மேசைக்கு வந்து போனவளுக்கு அந்த ஒரு வரியால் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை. அதை எழுதாமல் வீட்டுக்குப் போகவும் என்னால் முடியவில்லை.