தொட்டிக்குப் பின்னால் ஒரு வைஃபை பெட்டி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. என் தங்கைக்கும் என் மகனுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சில்லை. கூடத்தில் என் போனில் அவள் முகம் தெரிந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுவான்.

தாம்பரத்து வீட்டில் எனக்கென்று இருப்பது மொட்டை மாடிதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கத்தரிச் செடிகள் வைத்திருக்கும் மூலை. அங்கே யார் பார்வையும் எட்டாது. வைஃபையும் எட்டாது. தங்கை முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

நச்சரித்ததில் மகன் பழைய ரவுட்டர் ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துக் கைப்பிடிச் சுவரில் கட்டினான். வெயிலில் கவருக்குள் வெந்தது. முதல் மழையில் செத்தது. யாருக்கும் ஷாக் அடிக்காதது புண்ணியம்.

"அவ்ளோதாம்மா. இனிமே கீழயே பேசு."

"மாட்டேன்" என்றேன். இன்டர்நெட் போடுகிறவரை நானே கூப்பிட்டேன்.

"வெளில மாட்றதுக்குன்னே பெட்டி கீதும்மா, மழை உள்ள போவாது" என்றார் அவர். "மேல பிளக்கே வாணாம். கீழ ரவுட்டராண்ட ஒரு சின்ன டப்பா வச்சா, ஒரே ஒயர்ல நெட்டும் கரண்டும் ஏறிடும்."

"படிக்கட்டு ரூம் முன்பக்கமே மாட்டிடுங்கண்ணா" என்றான் மகன்.

"தொட்டிக்குப் பின்னால வராது சார். அம்மாந்தண்ணி, சிக்னலை வுடாது."

"அம்மா முன்னாடி வந்து உக்காரட்டும். ஒயரும் கம்மி."

முன்னாடி என்றால் எதிர்வீட்டுப் பால்கனிக்கு நேராக. பெட்டி மாட்டுகிறவர் பக்கம் திரும்பினேன். "பின்பக்கமே மாட்டு தம்பி. ஒயரைச் சுத்தி இழு."

"வீம்பும்மா உனக்கு!"

"ஆமாம், வீம்புதான்."

படிக்கட்டு அறையின் பின்சுவரில், சன்ஷேடுக்கு அடியில், என் மூலையைப் பார்க்கிற மாதிரி மாட்டினார். ஒயர் நுழைகிற வாய் கீழ்நோக்கி இருந்தது. அதற்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தார். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். சின்ன டப்பாவைக் கூடத்தில், இன்வர்ட்டர் லைனில் சொருகினார்.

மறுநாள் சாயங்காலம் தூறல். சன்ஷேடுக்கு அடியில் முக்காலி போட்டுத் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். தெளிவாகத் தெரிந்த முகம் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பெட்டியில் விளக்கு இல்லை.

கீழே இறங்கினேன். கரண்ட் இருந்தது, டிவி ஓடியது. சின்ன டப்பாவின் சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தது. மகன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மருமகளும் அவளைப் பார்க்க வந்திருந்த அவள் அப்பா அம்மாவும் சோபாவில் இருந்தார்கள்.

சுவிட்சைப் போட்டேன்.

"இது என் பெட்டி. என் தங்கச்சிகிட்ட நான் பேசுவேன். இதுல கை வைக்காத."

நாலு பேர் நடுவில்தான் சொன்னேன். டிவி சத்தத்தை அவன் கூட்டவில்லை.

பெட்டி உயிர் பெறக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாடியில் முக்காலியிலேயே காத்திருந்தேன். தங்கை முகம் வந்தது.

"எங்கக்கா போயிட்ட?"

"கீழ ஒரு வேலை இருந்துச்சு. முடிச்சிட்டேன். நீ சொல்லு."