செங்கல் என்று நினைத்தோம்

மலேசியாவில் பத்து காஜா பக்கத்தில் ஆற்றோரம் எங்கள் பலகை வீடு. எஸ்டேட்டை விட்டு வந்த பிறகு நாங்களே கட்டியது. எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்து அதைத் தாங்கிய மரக்கால்களை அழுக வைத்துவிட்டது. என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய நேரம். சம்பந்தி வீட்டார் முன் நான் தலை குனிந்தவள் இல்லை. வீடு எழும்பியே ஆக வேண்டும்.

மரக்கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். என் வீட்டுக்காரர் அவரிடம் யோசனை கேட்டு வந்தார்.

"ஏ புள்ள, காலுக்குச் செங்கல் போடுன்னு தவுக்கே சொல்றாரு."

"போடுங்க. கல்லு தண்ணியில அழுகுமா?"

செங்கல் வாங்கி அடுக்கிக் கால் எழுப்பினோம். மகளின் அறைக்கு மட்டும் தேக்கு மாதிரிப் பளபளக்கும் தூள்பலகையில் சுவர் வைத்தோம். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை அது. பார்க்க ராசாத்தி மாதிரி இருந்தது.

மகள் வந்து சேர்வதற்குள் ஆறு மறுபடி ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். பலகையின் ஓரமெல்லாம் ஊறி இட்லி போல உப்பியிருந்தது. தொட்டேன், புட்டாக உதிர்ந்தது. இரண்டு செங்கற்கால்கள் சாய்ந்து, மகளின் அறை ஒரு பக்கம் தரையில் இறங்கிக் கிடந்தது. அவள் அதற்குள் படுத்திருந்தால்?

வீட்டுக்காரர் கோபமாகக் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"தவுக்கே, நீ சொன்ன செங்கல் சாஞ்சு போச்சு!"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ அண்ணே! நான் கல்லு சொல்லலே லா. காயு! மரம்! செங்கால் மரம்!"

செங்கால் என்பது இந்த நாட்டுக் காட்டில் விளையும் கெட்டி மரம். தமிழ்க் காதுக்குச் செங்காலும் செங்கல்லும் ஒன்றுதானே.

"அக்கா, உங்க பின்பக்கம் துணி காயப்போடுற கம்பம் இருக்கே, அது என்ன மரம்? என் கடைச் செங்கால்தான்!" என்றார்.

ஓடி வந்து தோண்டினோம். இரண்டு வெள்ளம் குடித்த கம்பம். மண்ணுக்குள் இருந்த பாகத்தைக் கத்தியால் சீவினோம். மேல்தோல்தான் கறுத்திருந்தது. உள்ளே மஞ்சளும் பழுப்புமாகப் புது மரம்! ஆணி அடித்துப் பார்த்தோம், ஆணிதான் வளைந்தது. துளை போட்ட பிறகே இறங்கிற்று. நாள்தோறும் அதில் துணி காயப்போட்டும் எனக்குத் தெரியவில்லையே!

செங்கல்லைக் குறை சொல்லக் கூடாது. அடியில் சிமெண்டு மேடை போடாமல் ஈர மண்ணில் அடுக்கினோம். வெள்ளம் மண்ணை அரித்ததும் அது எதைப் பிடித்து நிற்கும்? இந்த முறை கான்கிரீட் மேடை போட்டு, அதன் மேல் செங்கால் மரக் கால்களை நிறுத்தினோம். தூள்பலகையைக் குப்பையில் போட்டேன். சுவருக்குக் கெட்டிப் பலகை. தண்ணீர் தேங்காமல் ஓட அடியில் இடைவெளி. வெள்ளத்தில் நனைந்த பழைய பலகை நன்றாகக் காயும்வரை அதற்குச் சாயம் பூச விடவில்லை.

மகள் வந்தாள். பேரன் பிறந்தான். அதற்குப் பிறகும் வெள்ளம் வந்தது. வடிந்ததும் சேறு கழுவினேன், கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

"செங்கல் நல்லா நிக்குதா அக்கா?" என்று தவுக்கே வழியில் கிண்டல் செய்தார்.

"நிக்குது தவுக்கே. இப்ப மரமா நிக்குது" என்றேன்.